அம்மனுக்குச் சேலை எடுக்கும் முன்னே: குஞ்சத்தை மட்டும் கொளுத்திப் பார்த்து ஏமாறாதீங்க



கொஞ்சம் நீளமான பதிவு. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் சேலை எடுக்கக் கிள்ளானுக்கோ மஸ்ஜிட் இந்தியாவுக்கோ கிளம்புறதுக்கு முன்னே, பொறுமையா ஒரு தடவை படிச்சிடுங்க.

போன ஆடி மாசம் நம்ம கோயில்ல நடந்தது இது. அம்மனுக்குச் சாத்தின சேலைகளை எல்லாம் மடிச்சு, ஏலத்துக்கு அடுக்கி வைக்கிற வேலை எனக்கு. அதுல ஒரு அரக்கு நிறச் சேலை. பச்சைக் கரை, நல்ல அகலமான சரிகை, பார்க்கவே கண்ணுக்கு நிறைவா இருந்தது. கொசுவம் வர்ற இடத்துல சூடத் தட்டுல இருந்து ஒரு பொறி விழுந்து, மிளகு அளவுக்கு ஓட்டை. தீபாராதனை நடக்கிற இடத்துல இது புதுசு இல்ல. ஆனா அந்த ஓட்டையோட ஓரத்தைத் தடவிப் பார்த்தப்போ கையில நெருடுச்சு. கறுப்பா, கண்ணாடி மாதிரி கெட்டியா ஒரு விளிம்பு. நகத்தால சுரண்டினேன், உதிரவே இல்ல.

பட்டுல விழுற ஓட்டை அப்படி இருக்காது. பட்டு பொசுங்கினா கறுத்துப் பொடியாகும், விரலால தேய்ச்சா உதிர்ந்துடும். இப்படி உருகி இறுகுறது பிளாஸ்டிக் இனம்.

அந்தச் சேலையைக் கொடுத்தது பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. வயசு எண்பதுக்கு மேல. பேத்திக்கு வேலை கிடைச்சதுக்கு வேண்டுதல். 450 வெள்ளி கொடுத்து எடுத்தாங்களாம். நான் எதுவும் சொல்லாம, எப்படிப் பார்த்து வாங்கினீங்கன்னு மட்டும் கேட்டேன். "நான் ஏமாறல தம்பி. கடைக்காரர் என் கண்ணு முன்னாலயே நூலைக் கொளுத்திக் காட்டினாரு. முடி கருகுற வாசம் வந்துச்சு. அது பட்டுதான்"னு சொன்னாங்க.

பாட்டி சொன்னது பொய் இல்ல. கடைக்காரர் கொளுத்தின நூலும் பட்டுதான். அப்புறம் எப்படி? அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

சேலையில ரெண்டு நூல் இருக்கு. நீளவாக்குல ஓடுறது பாவு. அகலவாக்குல, கரைக்குக் கரை குறுக்கே ஓடுறது ஊடை. முந்தானை முனையில குஞ்சமா தொங்குதே, அது முழுக்கப் பாவு நூல். நெசவு முடிஞ்சு தறியில இருந்து அறுக்கும்போது மிச்சமா நிக்கிற முனைகள் அவை. கடையில கொளுத்திக் காட்டறவங்க பெரும்பாலும் அந்தக் குஞ்சத்துல இருந்துதான் ரெண்டு இழை பிடுங்குவாங்க. சுலபமா வரும், சேலைக்கும் சேதம் இல்ல. ஆனா அந்த நூல் பாவைப் பத்தி மட்டும்தான் சாட்சி சொல்லும். குறுக்கே ஓடுற ஊடை என்னன்னு அதுக்குத் தெரியாது. பாவு பட்டா இருந்து, ஊடை பாலியஸ்டரா இருந்தா, சேலையில ஏறக்குறைய பாதி பட்டே இல்ல. பாட்டியோட சேலை அப்படித்தான்.

நான் தொழிற்சாலையில மேற்பார்வையாளர். சரக்கு வந்தா மேல இருக்கிற பெட்டியை மட்டும் திறந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போட எங்களுக்கு அனுமதி கிடையாது. அடியில இருந்தும் ஒண்ணு எடுக்கணும். சேலைக்கும் அதே கதைதான். பாவுல ஒண்ணு, ஊடையில ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும்.

ஊடை நூலை எடுப்பது எப்படி? சேலையை அறுத்த முனைக்கு வாங்க. ரவிக்கைத் துணி இருக்கிற முனையா இருந்தா நல்லது. அந்த விளிம்புல கடைசியா குறுக்கே படுத்திருக்கிற நூலை ஊசி முனையால கிளப்பி, பக்கவாட்டுல இழுங்க. தொங்குற நூல் இல்ல, படுத்திருக்கிற நூல். ரெண்டு அங்குலம் வந்தா போதும், வெட்டிக்கலாம். சரிகை கலந்த இடமா இருந்தா அதைத் தள்ளிட்டு வெறும் நூலா பாருங்க. முந்தானைப் பக்கம் ஊடையில சரிகை நிறைய ஓடும், அதனாலதான் ரவிக்கைப் பக்கம் சொல்றேன்.

இப்போ கொளுத்துற முறை. ஒரு இழை மட்டும் வச்சா கண் மூடித் திறக்குறதுக்குள்ள எரிஞ்சு போயிடும், ஒண்ணும் புரியாது. அஞ்சாறு இழையைச் சேர்த்துத் திரிச்சுக்குங்க. காற்றாடியை நிறுத்துங்க. எவர்சில்வர் தட்டுல கொஞ்சம் தண்ணி வச்சு, அதுக்கு மேல, சாமணத்தால நூலைப் பிடிச்சு, மெழுகுவத்தி நெருப்புக்குப் பக்கவாட்டுல மெதுவா கொண்டு போங்க. சேலையில ஒட்டிக்கிட்டு இருக்கிற நூலை ஒருபோதும் கொளுத்தாதீங்க. சேலையைத் தள்ளி வச்சிட்டுத்தான் இந்த வேலை. கருவறைப் பக்கமோ விளக்கு மாடம் பக்கமோ வேண்டாம்.

பட்டா இருந்தா நெருப்புக்குப் பக்கத்துல போகும்போதே சுருண்டு விலகும். பிடிச்சு எரியும், ஆனா மெதுவா. நெருப்பை விட்டு வெளியே எடுத்தா பெரும்பாலும் தானே அணைஞ்சிடும். முடி கருகுற வாசம் வரும். முடியும் பட்டும் ரெண்டுமே உயிர்ப் பிராணி தர்ற புரதம், அதான் காரணம். முனையில கறுப்பா ஒரு உருண்டை நிக்கும். ஆறினதும் ரெண்டு விரலால நசுக்கினா பொடியாகும்.

ஆர்ட் சில்க்கா, அதாவது விஸ்கோஸ் ரேயானா இருந்தா, சட்டுனு பிடிச்சு வேகமா எரியும். வெளியே எடுத்தாலும் நிக்காது. காகிதம் எரியுற வாசம். மரக்கூழ்ல இருந்து செய்யுற நூல் அது, வாசம் வேற எப்படி இருக்கும்? முனையில உருண்டை இருக்காது, லேசான சாம்பல் மட்டும். பருத்தி நூலும் இதே மாதிரிதான் எரியும்.

பாலியஸ்டரா இருந்தா முதல்ல சுருங்கி, அப்புறம் உருகிச் சொட்டும். கறும்புகை வரும். வாசம் பிளாஸ்டிக் மாதிரி, கொஞ்சம் தித்திப்பு கலந்து அடிக்கும். ஆறினதும் முனையில கெட்டியான மணி. நசுக்கவே முடியாது. சூடா இருக்கும்போது தொட்டுடாதீங்க, தோல்ல ஒட்டிக்கும்.

வாசத்துல குழப்பம் வந்தா ஒரு வழி இருக்கு. முதல்ல சீப்புல இருக்கிற முடியைக் கொளுத்துங்க. அடுத்து விளக்குத் திரியில ஒரு இழை. அடுத்து பிளாஸ்டிக் சாக்குல ஒரு இழை. மூணையும் மோந்து, மூணு சாம்பலையும் பார்த்த பிறகு சேலை நூலுக்கு வாங்க. நம்ம மூக்குக்கு அளவுகோல் கொடுத்த மாதிரி. வாசத்தை விடச் சாம்பலை நம்புங்க. கடையில ஊதுவத்தி எரியும், மூக்கு ஏமாறும். விரல் ஏமாறாது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை இருக்கு. நூல் பட்டா இல்லையான்னு மட்டும்தான் இது சொல்லும். கைத்தறியா விசைத்தறியா, காஞ்சிபுரமா வேற ஊரா, சரிகை வெள்ளியா வெறும் மினுக்குத் தாளா, எதையும் சொல்லாது. பட்டுன்னு தெரிஞ்சதும் "அப்போ காஞ்சிபுரம்தான்"னு தாவிடக் கூடாது.

சரி, எல்லாக் கடையிலயும் நூல் இழுக்க விடுவாங்களா? விடமாட்டாங்க. அதனால கொளுத்துறதுக்கு முன்னாடியே சந்தேகம் எங்க வரணும்னு தெரிஞ்சுக்கணும்.

முதல்ல பளபளப்பு. கடையில வெள்ளை விளக்கு அடிச்சா எல்லாமே மின்னும். சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, ஒரு மடிப்பை மெதுவா அசைச்சுப் பாருங்க. பட்டு இழையோட குறுக்கு வெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதனால ஒளி ஒவ்வொரு கோணத்துல ஒவ்வொரு மாதிரி திரும்பும். பளபளப்பு மடிப்போட சேர்ந்து நகரும், நிறமும் ஆழமா இருக்கும். போலியில பல சமயம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளை மினுமினுப்பு. ஆனா இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் போட்டு நெய்தா பாலியஸ்டரும் ரெண்டு நிறம் காட்டும். இழையையே முக்கோணமா இழுத்து மின்ன வைக்கவும் இன்னைக்கு மெசின் இருக்கு. பளபளப்பு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான்.

அடுத்தது கை. ஒரு மூலையை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சு அரை நிமிசம் வச்சிருங்க. பட்டு சீக்கிரம் கை சூட்டுக்கு வந்திடும். கசக்கினா மெல்லிசா சரசரன்னு ஒரு சத்தம் கேட்கும், விட்டா மெதுவா விரியும். பாலியஸ்டர் வழுக்கும், நம்ம கை ரோமத்தோட ஒட்டும். ரேயான் கொழகொழன்னு கனமாத் தொங்கும். பிறகு சேலையைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்க. உடலும் கரையும் வேற வேற நிறமா இருக்கிற காஞ்சிபுரக் கோர்வைச் சேலையில, ரெண்டும் சேர்ற இடத்துல ஊடை நூல்கள் ஒண்ணோட ஒண்ணு கோத்து, சின்ன மேடு மாதிரி தட்டுப்படும். மூணு நாடா வச்சு, பெரும்பாலும் ரெண்டு பேர் சேர்ந்து நெய்யுற வேலை அது. கோடு அச்சடிச்ச மாதிரி வழவழன்னு இருந்தா, கோர்வைன்னு சொல்லி விக்கறதை நம்பாதீங்க.

மோதிரத்துக்குள்ள நுழைஞ்சா பட்டுன்னு ஒரு பேச்சு இருக்கு. அதை விட்டுடுங்க. மெல்லிய பாலியஸ்டர் சுலபமா நுழையும். கனமான அசல் காஞ்சிபுரம் நுழையவே நுழையாது.

இப்போ விலை. இதுதான் ரொம்பப் பேரைக் காப்பாத்தும், இதுக்கு நெருப்பும் வேண்டாம் ஊசியும் வேண்டாம். சில வருசத்துக்கு முன்னே காமாட்சி அம்மனைத் தரிசிக்கக் காஞ்சிபுரம் போனப்போ, பிள்ளையார்பாளையத்துல ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கத்துக்கிட்டேன்.

ஒரு சேலையில சரிகை நீங்கலா 450 கிராம் பட்டு இருக்குன்னு வச்சுக்குவோம். கச்சாப் பட்டு மேல பசை மாதிரி ஒரு பொருள் ஒட்டியிருக்கும். சாயம் போடுறதுக்கு முன்னே அதை வேக வச்சு எடுத்துடுவாங்க. அதுலயே ஏறக்குறைய கால்வாசி எடை போயிடும். ஆக 450 கிராம் கையில நிக்கணும்னா 600 கிராம் கச்சாப் பட்டு வாங்கணும். கிலோ 4,000 ரூபாய்னு குறைச்சே போடுவோம். 600 கிராமுக்கு 2,400 ரூபாய். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய்னு வச்சா 120 வெள்ளி. இது நூலுக்கு மட்டும். சாயம் இல்ல, சரிகை இல்ல, பாவு ஓட்டற கூலி இல்ல. கோர்வைச் சேலைன்னா பத்து நாளோ அதுக்கு மேலயோ தறியில உட்கார்ற ரெண்டு பேர் கூலி இல்ல. அங்க கடைக்காரர் லாபம், கப்பல் செலவு, இங்க கடை வாடகை எதுவுமே சேரல.

இப்போ நீங்களே சொல்லுங்க. 150 வெள்ளிக்கு "அசல் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு" எப்படி வரும்? வராது. சரிகை குறைவான, மெல்லிசான சாஃப்ட் சில்க் வேணும்னா 250, 300 வெள்ளியில ஆரம்பிக்கலாம். எடை குறைவு, நூலும் குறைவு, அதனால நியாயம். நல்ல கனமான கோர்வைச் சேலை, கைத்தறி, சாதாரணச் சரிகைன்னா இங்க 500 வெள்ளிக்குக் கீழே சொன்னாலே நான் யோசிப்பேன். வெள்ளிச் சரிகைன்னா ஆயிரத்தைத் தாண்டும். இது என் கணக்கு. பட்டு விலையும் காசு மாற்று விலையும் ஏறி இறங்கும், அதுக்கேத்த மாதிரி நீங்க மாத்திப் போட்டுக்குங்க.

ஆனா ஒண்ணு. விலை குறைச்சலா இருந்தா பொய்னு சொல்லலாம். விலை அதிகமா இருந்தா மெய்னு சொல்ல முடியாது. பாட்டி கொடுத்த 450 வெள்ளி அப்படிப்பட்ட விலைதான். சந்தேகம் வராத அளவுக்கு அதிகம், ஆசை வர்ற அளவுக்குக் குறைவு.

கொளுத்தவும் விடல, கணக்கும் இழுபறியா இருக்குன்னா சீட்டைக் கேளுங்க. இந்தியாவுல மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் 2004-ல தொடங்கின சில்க் மார்க் முத்திரை இருக்கு. ஹோலோகிராம் ஒட்டி, ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் போட்டிருக்கும். அதுவும் பட்டு சுத்தம்னு மட்டும்தான் சொல்லும். கைத்தறிக்கு வேற முத்திரை. சீட்டு அந்தச் சேலையோடதுதானான்னு பாருங்க. ஒரு சேலையில இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டுறதும் நடக்கக்கூடிய காரியம்.

அதை விட நம்ம ஊருக்கு முக்கியம் ரசீது. ரசீதுல "சுத்தப் பட்டு"ன்னு எழுதித் தரச் சொல்லுங்க. மலாய்லயோ ஆங்கிலத்துலயோ, எந்த மொழியானாலும் சரி. எழுதித் தர்றவர் பொய் எழுதினா, 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி அது குற்றம். பயனீட்டாளர் நீதிமன்றத்துல, அதாவது திரிபூனல்ல, 5 வெள்ளி கட்டி நாமே வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். எழுதித் தரத் தயங்கினா, அந்தத் தயக்கமே பதில். பாட்டி விசயத்துல அங்கதான் கை கட்டிப் போச்சு. ரசீதுல "சேலை 1, 450"ன்னு மட்டும் இருந்தது. மகன் போய்க் கேட்டதுக்கு, "சில்க் இருக்குன்னுதான் சொன்னோம், இருக்கே"ன்னு பதில் வந்தது. அதுக்கு மேல அவரால ஒண்ணும் பண்ண முடியல.

இன்னொரு குழப்பமும் இங்க நிறைய. "ஆர்ட் சில்க்"னா கலை வேலைப்பாடு உள்ள பட்டுன்னு நம்ம அம்மாக்கள்ல பலர் நினைக்கிறாங்க. இல்லைங்க. ஆர்ட்டிஃபிசியல்ங்கிற வார்த்தையோட சுருக்கம் அது. செயற்கைப் பட்டு. அதைக் கேவலமாவும் சொல்ல வரல. திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியில நெய்த சேலையைச் "சின்னாளப்பட்டு"ன்னு பேர் சொல்லி ஆசையா கட்டின காலம் இருந்தது. பேரைச் சொல்லி, அதுக்கு ஏத்த விலைக்கு வித்தா அதுல என்ன தப்பு? பட்டு விலைக்கு விக்கறதுதான் தப்பு.

ஆனா கோயிலுக்குன்னு வரும்போது ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டும். ரேயான் சட்டுனு பிடிச்சுப் பரவும். அகல் விளக்கு வரிசையிலயும் சூடத் தட்டுப் பக்கத்துலயும் நிக்கும்போது முந்தானையை இடுப்புல செருகிக்குங்க. பட்டு தானே அணையும்னு சொன்னேனேன்னு பட்டு கட்டினவங்களும் அசட்டையா இருக்காதீங்க. அதுவும் எரியத்தான் செய்யும்.

கடைசியா பாட்டி கதை. விசயத்தை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். சொல்லாம விட்டா ஏலத்துல இன்னொருத்தர் பட்டு விலைக்கு எடுத்துட்டுப் போவாங்க. அந்தப் பாவம் நம்ம தலையில. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல உட்கார வச்சு, ரெண்டு நூலையும் அவங்க முன்னாலயே கொளுத்தினேன். பாவு பொடியாச்சு. ஊடை மணியாச்சு. அந்த மணியைக் கையில வச்சு உருட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "அப்போ அம்மாவுக்கு நான் பொய்ச் சேலை சாத்திட்டேனா தம்பி?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தொண்டை அடைச்சது. "பாட்டி, நீங்க கொடுத்தது முழுசா மெய். வித்தவர் சொன்னதுலதான் பாதி பொய்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஏலத்துல கலப்புன்னே சொல்லி விடு. என் பேரையும் சொல்லு, பரவாயில்ல"ன்னாங்க. அப்படியே சொல்லித்தான் விட்டோம். 70 வெள்ளிக்குப் போச்சு.

அன்னையில இருந்து உபயப் புத்தகத்துல ஒரு கட்டம் சேர்த்திருக்கோம்: பட்டு, கலப்பு, நூல். எதைக் கொடுத்தாலும் அம்மன் ஏத்துக்குவா, ஏலத்துல எடுக்கிறவங்களுக்கு மட்டும் உண்மை தெரியணும். இந்த வருசம் பாட்டி மஞ்சள் நிறத்துல ஒரு நூல் சேலை கொண்டு வந்தாங்க. 80 வெள்ளி. கட்டத்துல "நூல்"னு அவங்களே எழுதச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் போனாங்க.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு நான் மண்டபத்துலதான் இருப்பேன். சந்தேகச் சேலை இருந்தா ரசீதோட கொண்டு வாங்க. ஊசியும் சாமணமும் என்கிட்ட இருக்கு.